பாலும் வாழைப்பழமும் சேர்த்து சாப்பிட்டா வயித்துல திரிஞ்சிடுமா?

நம்ம ஊர் கல்யாணத்துல தாலி கட்டி முடிச்சதும் மாப்பிள்ளைக்கும் பொண்ணுக்கும் பாலும் பழமும் குடுப்பாங்க, வாழைப்பழத்தை பால்ல பிசைஞ்சு போட்டு வீட்டுப் பெரியவங்க ஒவ்வொருத்தரா ஸ்பூன்ல ஊட்டி விடுவாங்க. அதே பெரியவங்க அடுத்த வாரம் நீங்க பனானா மில்க்‌ஷேக் குடிக்கிறதைப் பார்த்தா "பாலும் பழமும் சேரக்கூடாதுப்பா, வயித்துல போய் திரிஞ்சுக்கும், சளி புடிச்சுக்கும்"னு சொல்லுவாங்க. ரெண்டையும் நம்ம யாரும் கேள்வி கேக்கறதில்ல. இப்போ ஃபேமிலி வாட்ஸ்அப் குரூப்ல இது இன்னும் ஒரு படி மேல போய் "பால் + வாழைப்பழம் = விஷம்"னு சிவப்பு எழுத்துல சுத்துது, அதுலயே கீழ எலுமிச்சை, ஆரஞ்சு, அன்னாசின்னு ஒரு லிஸ்ட்டும் இருக்கும்.

இந்த லிஸ்ட்ல கொஞ்சம் உண்மை இருக்கு, நிறைய குழப்பம் இருக்கு, ரெண்டும் ஒன்னுக்குள்ள ஒன்னு கலந்து கிடக்கு. பிரிச்சுப் பார்க்கணும்னா முதல்ல "திரியறது"ன்னா என்னன்னு தெரியணும், ஏன்னா மொத்த பயமும் அந்த ஒரு விஷயத்துல தான் நிக்குது.

பால் எதனால திரியுது

பன்னீர் செய்யறதைப் பார்த்திருப்பீங்க. 1 லிட்டர் பால் நல்லா கொதிக்கும்போது 2 டேபிள்ஸ்பூன் எலுமிச்சைச் சாறு ஊத்தினா கொஞ்ச நேரத்துல வெள்ளையா கட்டி தனியா, பச்சை மஞ்சளா தண்ணி தனியா பிரிஞ்சிடும். அந்தக் கட்டியில இருக்கறதுல முக்கியமானது கேசின். பால்ல இருக்கற புரதத்துல கிட்டத்தட்ட 80 சதவீதம் இந்த கேசின் தான், மீதி 20 சதவீதம் அந்தத் தண்ணியோட போற வே புரதம், ஜிம் பசங்க டப்பா டப்பாவா வாங்குறாங்களே அதே தான்.

சாதாரண பால்ல கேசின் கண்ணுக்குத் தெரியாத குட்டிக் குட்டி உருண்டைகளா மிதந்துட்டு இருக்கும். ஒவ்வொரு உருண்டையோட மேல்பக்கமும் நெகட்டிவ் சார்ஜ் இருக்கறதால ஒன்னை ஒன்னு தள்ளிட்டே இருக்கும், ஒட்டாது, அதனால தான் பால் பாலா இருக்கு. புளிப்பு சேர்ந்தா அந்த சார்ஜ் குறையும், தள்ளுற வேகம் போயிடும், உருண்டைகள் ஒன்னோட ஒன்னு ஒட்டி கட்டியாயிடும். திரியறதுன்னா அவ்ளோ தான், இதுல புதுசா எந்த விஷமும் உருவாகல, அதே புரதம் மிதக்கறதை விட்டுட்டு சேர்ந்து உக்காந்துருக்கு.

எவ்ளோ புளிப்பு வேணும்னு பார்க்க பிஎச்னு ஒரு அளவு இருக்கு. நம்பர் குறையக் குறைய புளிப்பு கூடும், ஒரு நம்பர் குறைஞ்சா பத்து மடங்கு புளிப்பு. பால் சுமார் 6.6. ஆறின பால் திரியணும்னா அது 4.6 பக்கம் இறங்கணும், சூடான பால்னா அவ்ளோ இறங்கத் தேவையில்ல, அதனால தான் கொதிக்கும்போது சாறு ஊத்துறோம். எலுமிச்சைச் சாறு 2 முதல் 2.5 வரைக்கும் இருக்கும், அதனால ரெண்டு ஸ்பூனே போதும். வாழைப்பழம் சுமார் 4.5 முதல் 5.2. அது பழத்தோட அளவு, பால்ல கலந்தப்புறம் வர அளவு இல்ல. ஒரு டம்ளர் பால்ல ஒரு பழத்தை அடிச்சா பால் கொஞ்சம் தான் கீழ இறங்கும், 4.6 கிட்ட கூடப் போகாது. பூவன் மாதிரி லேசா புளிக்கிற பழமா இருந்தாலும் இதே கதை தான். ஜூஸ் கடையில பனானா ஷேக் வழுவழுன்னு ஒரே மாதிரி இருக்கறதுக்கு இதான் காரணம், திரிஞ்சிருந்தா ஸ்ட்ரா அடைச்சுக்கும்.

அதாவது இதுவரைக்கும் பார்த்தது: எலுமிச்சை, நல்ல புளிப்பு ஆரஞ்சு, புளிப்பு மாங்காய் இதெல்லாம் டம்ளர்லயே பாலைத் திரிய வைக்கும். வாழைப்பழம் வைக்காது. லிஸ்ட்ல ரெண்டையும் ஒரே வரியில போட்டதே முதல் தப்பு.

சரி, வயித்துக்குள்ள போனா?

இங்க தான் மேட்டரே இருக்கு. வயித்துல பால் திரியும். வாழைப்பழத்தோட குடிச்சாலும் திரியும், சும்மா குடிச்சாலும் திரியும், சாமி படத்துக்கு முன்னாடி வச்சுட்டு குடிச்சாலும் திரியும்!

வெறும் வயித்துல இருக்கற அமிலம் பிஎச் 1.5, 2ன்னு இருக்கும், எலுமிச்சையை விட புளிப்பு. அதோட பெப்சின்னு ஒரு என்சைம் இருக்கு. என்சைம்னா சாப்பாட்டை சின்னச் சின்னத் துண்டா வெட்டுறதுக்கு உடம்பு தானா செய்யற புரதம், பெப்சினோட வேலை புரதத்தை வெட்டுறது. அந்த பெப்சின் கேசின் உருண்டையோட மேல்பக்கத்தை வெட்டி விட்டுடும், உருண்டைகளைத் தள்ளி வச்சிருந்த பகுதியே போயிடும், அதனால பால் உள்ள போன சில நிமிஷத்துலயே கட்டியாக ஆரம்பிக்கும்.

கைக்குழந்தை வச்சிருந்தவங்களுக்கு இது கண்ணால பார்த்த விஷயம். பால் குடிச்ச உடனே கக்கினா பாலாவே வரும், கொஞ்ச நேரம் கழிச்சு கக்கினா தயிர் மாதிரி வெள்ளை வெள்ளையா கட்டி வரும். அந்தக் குழந்தைக்கு யாரும் வாழைப்பழமும் குடுக்கல, எலுமிச்சையும் குடுக்கல. "தயிரா கக்குது"ன்னு பாட்டி சொல்லுவாங்க, சீரணம் ஆக ஆரம்பிச்சிருச்சுன்னு அவங்களே சமாதானமும் சொல்லுவாங்க. அந்த சமாதானம் சரி தான். கன்னுக்குட்டி வயித்துல இந்த வேலைக்குன்னே தனியா ஒரு என்சைம் இருக்கு, ஐரோப்பாவுல பல நூறு வருஷமா சீஸ் செய்யறதுக்குப் பாலை உறைய வச்சது கன்னுக்குட்டி வயித்துல இருந்து எடுத்த அந்தப் பொருளால தான். பால் குடிக்கிற உயிர்களோட வயிறு பாலைத் திரிய வைக்கற மாதிரியே தான் அமைஞ்சிருக்கு.

இதுல ஒரு லாபமும் இருக்கு. தண்ணியாவே இருந்தா பால் வயித்துல இருந்து கடகடன்னு குடலுக்கு ஓடிடும். கட்டியானதால கேசின் வயித்துலயே தங்கி கொஞ்சம் கொஞ்சமா கரைஞ்சு இறங்குது, வே தண்ணி மட்டும் சீக்கிரம் போயிடுது. ஒரு டம்ளர் பால் குடிச்சா கொஞ்ச நேரம் பசி தாங்குறதுல இதுக்கும் ஒரு பங்கு உண்டு.

ஸோ "பால் வயித்துல திரிஞ்சிடும்"ங்கற வாக்கியம் உண்மை. அதனால கெடுதல்ங்கறது தான் பொய், சீரணத்தோட முதல் படியே அது தான். இன்னொன்னு, திரிஞ்ச பால் கெடுதல்னா நம்ம தயிர் சாதத்தையே தொடக்கூடாது, அதுல மாதுளை, திராட்சைன்னு வேற போட்டு சாப்பிடறோம்.

ஆனா ஒரு வித்தியாசத்தை மறந்துடாதீங்க. எலுமிச்சை ஊத்தி நீங்களா திரிய வச்சது பன்னீர். வெளிய வச்சு தானா திரிஞ்சது பாக்டீரியா வளர்ந்து, அது விட்ட அமிலத்துல திரிஞ்ச பால், எந்த பாக்டீரியா எவ்ளோ இருக்குன்னு யாருக்கும் தெரியாது. பார்க்க ரெண்டும் ஒன்னு போல இருக்கும். மே மாசம் மதியம் அடிச்சு வச்ச மில்க்‌ஷேக்கை ஃப்ரிட்ஜ்ல வைக்காம சாயங்காலம் குடிச்சு வயிறு கெட்டா, அதுக்குப் பழம் பொறுப்பில்ல.

"ஒன்னு சீக்கிரம் செரிக்கும், ஒன்னு லேட்டா செரிக்கும்" கதை

அடுத்து சொல்றது, பழம் சீக்கிரம் செரிச்சுடும், பால் லேட்டாகும், அதனால பழம் பாலுக்குப் பின்னாடி மாட்டிக்கிட்டு அங்கயே புளிச்சு நொதிக்கும்னு. இது வயிறு ஏதோ ரேஷன் கடை க்யூ மாதிரி நினைச்சுட்டு சொல்றது. வயிறு கிட்டத்தட்ட வெட் கிரைண்டர் மாதிரி, உள்ள போனதை எல்லாம் அமிலத்தோட சேர்த்து சுத்திச் சுத்தி கூழாக்கும், நல்லா மசிஞ்சது மட்டும் கொஞ்சம் கொஞ்சமா கீழ இருக்கற வாசல் வழியா சிறுகுடலுக்குப் போகும், மசியாதது திரும்ப உள்ளயே சுத்தும். சிறுகுடல்ல மாவுச்சத்துக்கு, புரதத்துக்கு, கொழுப்புக்குன்னு என்சைம்கள் எல்லாம் ஒரே நேரத்துல வேலை செய்யும். பால்லயே சர்க்கரை, புரதம், கொழுப்பு மூணும் சேர்ந்து தான் இருக்கு, கலந்த சாப்பாடு செரிக்காதுன்னா பாலே செரிக்கக்கூடாது.

நொதிக்கறதுக்கு பாக்டீரியா வேணும், அதுக்கு நேரமும் வேணும். ஆரோக்கியமான வயித்தோட அமிலத்துல பெரும்பாலான பாக்டீரியா பிழைக்கறதே கஷ்டம். நொதிக்கறது உண்மையா நடக்கற இடம் பெருங்குடல், அங்க அது தினமும் எல்லாருக்கும் நடக்குது. வயித்து உப்புசத்தோட உண்மையான கதை ஆரம்பிக்கறதும் அங்க தான்.

அப்போ எனக்கு ஏன் வயிறு உப்புது?

இதை நிறைய பேர் உண்மையாவே அனுபவிக்கிறாங்க, "எல்லாம் மனப்பிரமை"ன்னு ஒதுக்கிட முடியாது. பெரும்பாலும் காரணம் லாக்டோஸ். பால்ல இருக்கற சர்க்கரைக்குப் பேர் தான் லாக்டோஸ், 100 மில்லி பால்ல சுமார் 4.8 கிராம் இருக்கும். இதை உடைக்க சிறுகுடல்ல லாக்டேஸ்னு ஒரு என்சைம் வேணும். குழந்தையில எல்லாருக்கும் நிறைய இருக்கும், வளர வளர உலகத்துல பெரும்பாலான பேருக்கு குறைஞ்சிடும். வட மேற்கு இந்தியாவுல பெரியவங்க ஆனப்புறமும் லாக்டேஸ் தொடர்ந்து இருக்கறவங்க அதிகம், தெற்க வர வர அது குறையுது. அதாவது நம்ம பக்கம் பால் முழுசா செரிக்காதவங்க நிறையவே இருக்காங்க, பல பேருக்கு அது தெரியாது.

உடையாத லாக்டோஸ் பெருங்குடலுக்குப் போனா அங்க இருக்கற பாக்டீரியா அதைத் தின்னு கேஸ் விடும், கூடவே அது தண்ணியையும் குடலுக்குள்ள இழுக்கும். உப்புசம், கடமுடன்னு சத்தம், வயித்து வலி, பேதி எல்லாம் அதனால தான். குடிச்சு அரை மணியில இருந்து ரெண்டு மணி நேரத்துக்குள்ள பொதுவா ஆரம்பிக்கும்.

சரி, தெரியாம எப்படி இருப்பாங்கன்னு கேக்கலாம், அளவு தான் காரணம். லாக்டேஸ் குறைஞ்சவங்கள்லயும் நிறைய பேர் ஒரே தடவையில 12 கிராம் லாக்டோஸ் வரைக்கும் பெருசா தொந்தரவு இல்லாம சமாளிச்சுடுவாங்க. ஒரு முப்பது வயசுக்காரரை எடுத்துக்குவோம். காலையில ஃபில்டர் காபி, அதுல 100 மில்லி பால், லாக்டோஸ் 5 கிராம், ஒன்னும் ஆகாது. சாயங்காலம் டீ, அதுவும் அப்படியே. பால் எனக்கு நல்லா ஒத்துக்கும்னு அவர் நம்புறார். ஞாயித்துக்கிழமை ஜூஸ் கடையில பெரிய கிளாஸ் பனானா ஷேக், 350 மில்லி பால், அதுலயே 17 கிராம் ஆச்சு, மேல ஒரு ஸ்கூப் ஐஸ்கிரீம் போட்டா இன்னும் கூடும். ஒரு மணி நேரத்துல வயிறு மத்தளம் ஆயிடுது. தினமும் குடிக்கிற பால் மேல சந்தேகம் வருமா? புதுசா சேர்ந்தது வாழைப்பழம் தானே, பழி அது மேல போயிடும். "பாட்டி சொன்னது சரி தான்"னு ஒரு ஆதாரமும் கிடைச்சிடும்.

வாழைப்பழம் மட்டுமே காரணமா இருக்கற சந்தர்ப்பமும் உண்டு. சரியா பழுக்காத, காம்புல பச்சை போகாத பழத்துல எளிதா செரிக்காத ஒரு வகை மாவுச்சத்து இருக்கும், அதுவும் பெருங்குடலுக்குப் போய் கேஸ் ஆகும். பழுக்கப் பழுக்க அந்த மாவு சர்க்கரையா மாறிடும், அதனால தோல்ல கரும்புள்ளி விழுந்த பழத்துல இந்தத் தொல்லை குறைவு.

உங்களுக்கு எதுன்னு கண்டுபிடிக்க வழி ஈஸி தான், ஆனா ஒரே நாள்ல செய்யாதீங்க. ஒரு நாள் காலையில ரெண்டு நல்லா பழுத்த பழம், தண்ணி மட்டும், அப்புறம் மூணு நாலு மணி நேரம் வேற எதுவும் வேணாம். இன்னொரு நாள் ஷேக்ல குடிக்கற அதே 350 மில்லி பால், பழம் கிடையாது. மூணாவதா ஒரு நாள் பழத்தோட லாக்டோஸ் இல்லாத பால், இப்போ பெரிய கடைகள்ல கிடைக்குது. ரெண்டாவது நாள் மட்டும் உப்பினா லாக்டோஸ் தான், பழத்தை விட்டுடுங்க பாவம். பாலை ஒரு டம்ளருக்குக் கீழ வச்சுக்கலாம், இல்லன்னா தயிருக்கு மாறிக்கலாம், தயிர்ல பாக்டீரியா லாக்டோஸ்ல ஒரு பங்கை முன்னாடியே தின்னுடும், மீதியை உடைக்கவும் உள்ள போய் உதவும். மூணு நாளும் ஒன்னும் ஆகலைன்னா கடை ஷேக்ல போட்ட சர்க்கரை, ஐஸ், சுத்தம் இதைத் தான் சந்தேகப்படணும். ஆனா பால் குடிச்சாலோ பழம் தின்னாலோ வாய் அரிக்குது, தடிப்பு வருது, மூச்சு இழுக்குதுன்னா அது அலர்ஜி, அதை வீட்டுல டெஸ்ட் பண்ணிப் பார்க்காம டாக்டர்கிட்ட போகணும்.

சுருக்கமா, தொந்தரவு நிஜம், ஆனா பாலும் பழமும் சண்டை போட்டதால வர்றதில்ல, பெரும்பாலும் பால் அளவு கூடினதால வருது.

சளியும் அன்னாசியும்

பால் குடிச்சா எச்சில் கெட்டியாகி தொண்டையில ஒரு படலம் மாதிரி கொஞ்ச நேரம் நிக்கும், அதை சளின்னு நினைச்சுக்கறோம். ஆஸ்திரேலியாவுல நடத்தி 1990ல வெளியான ஒரு ஆராய்ச்சியில ஆரோக்கியமானவங்களுக்கு வேணும்னே சளி வைரஸைக் குடுத்து, பத்து நாள் அவங்க எவ்ளோ பால் சாப்பிட்டாங்க, மூக்குல இருந்து எவ்ளோ சளி வந்துச்சுன்னு எடை போட்டே பார்த்தாங்க (ஆமா, யாரோ உக்காந்து டிஷ்யூ பேப்பரை எடை போட்டிருக்காங்க), அதிகமா பால் குடிச்சவங்களுக்கு அதிகமா சளி வந்ததா தெரியல.

அன்னாசி வேற கேஸ். அதுல புளிப்பு மட்டும் இல்லாம பெப்சின் மாதிரியே புரதத்தை வெட்டுற ஒரு என்சைம் இருக்கு, பப்பாளிக்காயிலயும் அதே வகை ஒன்னு உண்டு, கறியை வேக வைக்க பப்பாளிக்காய் போடறது அதுக்குத் தான். வேக வைக்காத அன்னாசியைப் பால்ல அடிச்சு கொஞ்ச நேரம் வச்சா புரதம் துண்டு துண்டாகி கசக்க ஆரம்பிக்கும். கெட்டுப்போச்சுன்னு கொட்டிடுவோம், ருசி தான் போச்சு, விஷமெல்லாம் ஆகல. அன்னாசியை ஒரு கொதி விட்டு ஆற வச்சு சேர்த்தா என்சைம் செத்துடும், கசக்காது.

பழைய நூல்ல என்ன தான் இருக்கு

ஆயுர்வேதத்துல விருத்த ஆகாரம்னு ஒன்னு இருக்கு, சேர்த்து சாப்பிடக் கூடாததுங்கற பட்டியல். சரக சம்ஹிதையோட சூத்திர ஸ்தானம் 26வது அத்தியாயத்துல பாலோட சேரக்கூடாததுன்னு புளிப்பான எல்லாத்தையும் சொல்லி, கூடவே பல பழங்களைப் பேர் சொல்லியே போட்டிருக்கு, அதுல வாழையும் இருக்கு, பலாவும் தேங்காயும் கூட இருக்கு. தேங்காய் இருக்கறதை வாட்ஸ்அப் லிஸ்ட் மட்டும் வசதியா விட்டுடும், அதைப் போட்டா பாதி பாயசம் போயிடுமே.

அந்த நூல் பேசறது அமிலம், என்சைம் கணக்குல இல்ல. குளிர்ச்சி, சூடு, சுவை, செரிக்கிற அக்கினி இப்படி அதுக்குன்னு ஒரு கணக்கு இருக்கு. அதை எடுத்துட்டு வந்து "வயித்துல திரிஞ்சு விஷமாகும்"னு கெமிஸ்ட்ரி மாதிரி சொல்றது இந்தக் காலத்து ஒட்டு வேலை. இன்னும் சுவாரசியம், அதே அத்தியாயத்தோட கடைசிப் பக்கம், பழகிப்போனவங்க, கொஞ்சமா சாப்பிடறவங்க, நல்லா பசி எடுக்கறவங்க, வயசுல சின்னவங்க, உடற்பயிற்சி செய்யறவங்க இவங்களுக்கெல்லாம் இந்த விருத்த ஆகாரம் கெடுதல் பண்ணாதுன்னும் எழுதியிருக்கு. ஃபார்வர்டு பண்றவங்க யாரும் அந்த இடம் வரைக்கும் படிக்கறதில்லைன்னு தான் எனக்குத் தோணுது.

நிஜமாவே பார்த்து சேர்க்க வேண்டியது

பாலோட உண்மையிலயே ஒத்துப்போகாத சில விஷயங்களை நம்ம யாரும் ஃபார்வர்டு பண்றதில்ல. டெட்ராசைக்ளின், சிப்ரோஃப்ளாக்சசின் மாதிரி ஆன்டிபயாடிக் மாத்திரைகளைப் பாலோட போட்டா பால்ல இருக்கற கால்சியம் மருந்தைப் பிடிச்சு வச்சுக்கும், உடம்புல சரியா ஏறாது. தைராய்டு மாத்திரைக்கும் இரும்புச்சத்து மாத்திரைக்கும் பாலால இதே மாதிரி தடை வரும், அதனால இதையெல்லாம் தண்ணியில போட்டுட்டு பால், காபிக்கு எவ்ளோ நேரம் இடைவெளி விடணும்னு டாக்டரைக் கேட்டுக்கணும்.

கிட்னி கோளாறு இருந்து பொட்டாசியம் குறைக்கச் சொல்லியிருக்கறவங்களுக்கு பனானா ஷேக் உண்மையிலயே பிரச்சனை. ஒரு நடுத்தர வாழைப்பழத்துல சுமார் 400 மில்லிகிராம், ஒரு டம்ளர் பால்ல சுமார் 300, ரெண்டு பழம் போட்டு அடிச்சா ஒரே கிளாஸ்ல ஆயிரத்தைத் தாண்டிடும், தனித்தனியா வேற வேற நேரத்துல சாப்பிட்டாலும் அன்னிக்குக் கணக்கு அதே தான். சுகர் இருக்கறவங்களுக்கு பழத்துலயே இருக்கற சர்க்கரைக்கு மேல கடைக்காரர் போடற நாலு ஸ்பூனை நிறுத்தச் சொல்றது தான் முதல் வேலை.